ஏ.எஃப்.ஓ. மேல் ஷூ ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் புதிதாக, கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. (பலர் ஸ்பிளின்ட் என்றே சொல்வார்கள்) வாங்கிய அன்று மாலையே வீட்டில் முதல் பிரச்சினை தொடங்கிவிடும். இருக்கிற ஷூ எதுவும் அதன் மேல் ஏறாது. கடையில் கேட்டால் "ரெண்டு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்பார்கள். அந்த யோசனையால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன.

கணுக்காலுக்கு மேல்வரை வரும் பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ.வுக்காகவே இது எழுதப்பட்டுள்ளது. கணுக்கால் அசையாத வகைக்கும், பக்கவாட்டில் கீல் வைத்த வகைக்கும் பொருந்தும். உங்கள் பிள்ளையிடம் தெரிகிற அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கே போகலாம். ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் எல்லோரும் முதலில் படித்துவிடுங்கள்.

## முதலில் அளவு: ஒரு அட்டை போதும்

பிள்ளைக்கு நீளமான பருத்திக் காலுறை போட்டு, ஏ.எஃப்.ஓ.வை மாட்டி, பட்டைகளை இறுக்கி, ஒரு கெட்டி அட்டையின் மேல் நிற்க வையுங்கள். நிற்க முடியாத பிள்ளை என்றால் நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலை மெதுவாகக் கீழே அழுத்திக்கொள்ளலாம். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பிளாஸ்டிக்கைச் சுற்றி வரையுங்கள். பென்சில் உள்ளே சாய்ந்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைந்துவிடும். வரைந்ததை வெட்டி எடுங்கள். கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்த அட்டைதான். இரண்டு காலுக்கும் ஏ.எஃப்.ஓ. என்றால் இரண்டு அட்டை வேண்டும். வலதும் இடதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியின் அளவை எடுத்துக்கொள்வோம். வெறும் பாதம் 170 மி.மீ. நீளம், விரல்களின் அடிப்பகுதியில் 68 மி.மீ. அகலம். ஏ.எஃப்.ஓ. போட்டபின் நீளம் 181, அகலம் 78. வழக்கமாக அவளுக்கு ஐரோப்பிய அளவில் 27 சரியாக இருக்கும். ஏ.எஃப்.ஓ.வுக்கு முன்னால் 6 மி.மீ. இடம் விட்டால் ஷூவின் உள்நீளம் 187 மி.மீ. ஆகிறது. அந்த அளவில் ஒரு சைஸுக்கு 6.67 மி.மீ. என்பதால் 187-ஐ 6.67-ஆல் வகுத்தால் 28 வருகிறது. நீளத்துக்கு ஒரே ஒரு சைஸ் கூட்டினால் போதும் என்று அர்த்தம்.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. ஒரு சைஸ் கூடினால் ஷூவின் அடி அகலம் சுமார் 2 மி.மீ.தான் கூடும். இவளுக்குத் தேவையோ 10 மி.மீ. சைஸை மட்டும் ஏற்றி அதை எட்ட வேண்டுமானால் 32, 33 வரை போக வேண்டியிருக்கும். அப்போது முன்னால் மூன்று சென்டிமீட்டர் வெறுமையாகத் தொங்கும், பிள்ளை அதிலேயே தடுக்கி விழுவாள். ஆகவே நீளத்துக்குத் தேவையான சைஸில் நின்றுகொண்டு, அகலமான அச்சில் செய்த ஷூவைத் தேட வேண்டும்.

கடையில் ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன் மேல் உங்கள் அட்டையை வையுங்கள். அட்டை இரண்டு பக்கமும் 2 மி.மீ. வீதம் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. ஷூவின் மேல்துணி அவ்வளவு புடைத்துக் கொடுக்கும். அதற்கு மேல் தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். அடுத்து அட்டையை ஷூவுக்குள் தள்ளிப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் பிளாஸ்டிக்கும் அங்கேதான் மாட்டும். இன்சோல் பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்த ஷூவைத் தவிர்ப்பது நல்லது. கழற்றக்கூடிய இன்சோல் இருந்தால் உள்ளே 3 முதல் 5 மி.மீ. உயரம் கிடைக்கிறது. ஏ.எஃப்.ஓ.வின் அடித்தகடு உட்கார அந்த இடமே தேவை.

## அறிகுறி: ஷூ ஏறவே மாட்டேன் என்கிறது

எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மூன்று இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

### முன்பாதம் வாயிலிலேயே தட்டி நிற்கிறது

நாம் ஷூ போடும்போது பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி, விரல்களை உள்ளே நுழைத்து, பிறகு குதிகாலை இறக்குகிறோம். ஏ.எஃப்.ஓ. போட்ட காலுக்கு அந்த நீட்டல் கிடையாது. பாதம் எல் வடிவத்தில் விறைப்பாக இருக்கும். அது மேலிருந்து நேராக இறங்க வேண்டும், அல்லது குதிகாலிலிருந்து சறுக்கி முன்னால் போக வேண்டும். ஷூவின் வாய் விரல்வரை திறந்தால்தான் இரண்டும் நடக்கும்.

கடையில் சோதிக்க ஒரு வழி: லேஸ் அல்லது வெல்க்ரோவை முழுதாக அவிழ்த்து, ஷூவின் நாக்கை முன்பக்கமாக மடக்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது விரல்கள் படியும் இடம் கண்ணில் பட வேண்டும். ஏழு வயது அளவுக்கு, ஷூவின் நுனியிலிருந்து மூடிய பகுதி 4 அல்லது 5 செ.மீ.க்குள் முடிந்துவிட்டால் நல்லது. சாதாரண லேஸ் ஷூவில் அது 7 செ.மீ.க்கு மேல் இருக்கும். நுனியைச் சுற்றி ஜிப் வைத்து மேல்பகுதி முழுவதும் பெட்டி மூடிபோல் திறக்கும் ஷூக்கள் இந்தத் தேவைக்கே செய்யப்பட்டவை. அவை கிடைக்காவிட்டால், விரல்வரை லேஸ் ஓட்டை உள்ளதையோ, இரண்டு மூன்று அகலமான வெல்க்ரோ பட்டை உள்ளதையோ தேடலாம்.

வாங்கிய ஷூவைத் திருத்தவும் முடியும். நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஷூவோடு சேர்த்துத் தைத்த மடிப்புத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். பல விளையாட்டு ஷூக்களில் அதுதான் வாயை விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கத்தரியால் அதை இரண்டு பக்கமும் நுனிவரை வெட்டிவிட்டால், பணம் செலவில்லாமல் பாதி வழி திறந்துவிடும். அதுவும் போதாவிட்டால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, நாக்கு தொடங்கும் இடத்திலிருந்து நுனியை நோக்கி 2 செ.மீ. கீறி, கீறிய ஓரத்தை மடித்துத் தைத்து, மேலே ஒரு வெல்க்ரோ பட்டை போடச் சொல்லுங்கள். நுனியில் உள்ளே கெட்டியான கவசம் வைத்த ஷூவாக இருந்தால் இந்தக் கீறல் பலிக்காது. வாங்கும்போதே நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் துணி, அமுங்காவிட்டால் கவசம்.

### முன்னால் போய்விட்டது, குதிகால் இறங்கவில்லை

முதலில் இன்சோலை எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால், பிளாஸ்டிக் ஷூவின் உள்துணியில் உராய்ந்து ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய பாலித்தீன் பையை ஏ.எஃப்.ஓ.வின் குதிகால் மேல் போர்த்தி ஷூவில் இறக்கி, குதிகால் உட்கார்ந்ததும் பையை மேலே உருவிவிடுங்கள். காலை நேரப் பள்ளி அவசரத்தில் இது நன்றாகக் கைகொடுக்கும். ஷூவின் பின்புறத்தில் ஒரு துணி வளையம் தைத்துக்கொண்டால் ஒரு விரலால் இழுத்து ஏற்றலாம்.

இன்னொரு வழி, ஏ.எஃப்.ஓ.வை முதலில் ஷூவுக்குள் பொருத்திவிட்டு, பிறகு பிள்ளையின் காலை இரண்டுக்கும் சேர்த்து இறக்குவது. வாய் நன்றாக விரியும் ஷூவில் மட்டும் இதைச் செய்யுங்கள். குறுகிய ஷூவில் உள்பட்டை மடிந்து காலடியில் மாட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

குதிகாலில் ஷூ குறுகலாக இருப்பதும் காரணமாகலாம். பின்பக்கக் கெட்டி அட்டையை மரக்கட்டை வைத்து விரிக்கப் பார்க்காதீர்கள், அது விரியாது. அந்த ஷூவை மாற்றித்தான் ஆக வேண்டும்.

### கால் உள்ளே போய்விட்டது, பட்டை மூடவில்லை

ஏ.எஃப்.ஓ.வும் அதன் கணுக்கால் பட்டையும் சேர்ந்து சுற்றளவைக் கூட்டிவிடுகின்றன. வெல்க்ரோ குறைந்தது 3 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் பள்ளி மணி அடிக்கும்வரை தாங்கும். எட்டவில்லை என்றால் பட்டையை 5 செ.மீ. நீட்டித் தைக்கலாம். வளையத்துக்குள் நுழைந்து திரும்பி வரும் வகைப் பட்டையாக மாற்றினால் இன்னும் நல்லது. அதை இழுத்து இறுக்க முடியும். பிள்ளை தானே ஒரு கையால் மாட்டிப் பழகவும் அது வசதி.

கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரமான பூட்ஸ் இன்னும் உறுதியாகப் பிடிக்கும் என்று சிலர் வாங்குகிறார்கள். கணுக்காலைப் பிடிக்கும் வேலையை ஏ.எஃப்.ஓ.வே செய்துகொண்டிருக்கிறது. கீல் வைத்த வகையில், உயரமான கெட்டிக் கழுத்து கீலை அழுத்தி அசையவிடாமல் தடுத்துவிடும். தாழ்வான கழுத்து அல்லது பஞ்சு வைத்த மெத்தென்ற கழுத்து இருந்தால் போதும்.

## அறிகுறி: நடக்கும்போது குதிகால் எழும்புகிறது, ஷூ கழல்கிறது

இங்கே ஷூவை மாற்றப் போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷூவுக்குள் ஏ.எஃப்.ஓ. எழும்புகிறதா, அல்லது ஏ.எஃப்.ஓ.வுக்குள் பிள்ளையின் குதிகால் எழும்புகிறதா? இரண்டாவதுதான் அதிகம். அதற்கு எந்த ஷூவும் மருந்தாகாது.

கண்டுபிடிக்க, ஷூ இல்லாமல் ஏ.எஃப்.ஓ.வை மட்டும் மாட்டி, பிளாஸ்டிக்கின் மேல் ஓரம் காலுறையில் படும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பிள்ளையைப் பத்து நிமிடம் கால் அசைத்து விளையாட விடுங்கள். கோடு பிளாஸ்டிக்கின் ஓரத்தைவிட மேலே ஏறியிருந்தால் குதிகால் உள்ளே உட்காரவில்லை.

அப்படியானால் மாட்டும் முறையைத் திருத்துங்கள். பிள்ளையை உட்கார வைத்து, இடுப்பையும் முழங்காலையும் நன்றாக மடக்குங்கள். காலை நீட்டியபடி மாட்டினால் கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிவிடும். மடங்கிய நிலையில் குதிகாலை ஏ.எஃப்.ஓ.வின் மூலைக்குள் அழுத்தி, கையை எடுக்காமலே கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குங்கள். கெண்டைக்கால் பட்டை கடைசியில்தான். மேல்பட்டையை முதலில் போட்டால் குதிகால் அந்தரத்திலேயே பூட்டப்பட்டுவிடும். இந்த வரிசையில் மாட்டியும் கோடு ஏறுகிறது என்றால் தசை இறுக்கம் கூடியிருக்கலாம், அல்லது கால் வளர்ந்து ஏ.எஃப்.ஓ. சிறிதாகியிருக்கலாம். பிசியோவிடமும் ஏ.எஃப்.ஓ. செய்தவரிடமும் காட்ட வேண்டிய நேரம் அது.

கோடு அசையவில்லை, ஷூ மட்டும் கழல்கிறது என்றால் வேலை எளிது. ஷூவின் உள்ளே, குதிகாலின் பின்சுவரில் சொரசொரப்பான தோல் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், வழுக்கல் நிற்கும். பாதத்தின் மேல்வளைவில் படும் பட்டை ஒன்றாவது ஷூவில் இருக்க வேண்டும். விரல் பக்கம் மட்டும் பட்டை உள்ள ஷூ ஏ.எஃப்.ஓ.வைப் பின்னால் தள்ளிப் பிடிக்காது.

## அறிகுறி: கழற்றியதும் தோலில் சிவப்பு

20 நிமிடம் காத்திருங்கள். அதற்குள் மறைந்தால் அது பட்டை அழுத்திய தடம். மறையாவிட்டால் காரணம் ஷூவிலா ஏ.எஃப்.ஓ.விலா என்று பிரிக்க வேண்டும்.

ஒரு நாள் அரைமணி நேரம், உட்கார்ந்தபடி, ஷூ இல்லாமல் ஏ.எஃப்.ஓ.வை மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். மறுநாள் அதே அரைமணி நேரம், அதேபோல் உட்கார்ந்தபடி, ஷூவோடு. ஷூவோடு மட்டும் சிவந்தால் ஷூ குறுகல். அது பிளாஸ்டிக்கை உள்நோக்கி நெருக்குகிறது. பெரும்பாலும் சுண்டுவிரல் பக்க எலும்பிலும் பெருவிரலின் அடியிலும் தெரியும். அட்டைச் சோதனையை மறுபடி செய்து அகலமான ஷூ வாங்குங்கள். ஷூ இல்லாமலும் சிவந்தால் குறை ஏ.எஃப்.ஓ.வில் இருக்கிறது. கணுக்கால் குமிழ்களிலும், உள்பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பிலும், குதிகால் பின்புறத்திலும் பாருங்கள். சிவந்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு செய்தவரிடம் போங்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடேற்றி வெளித்தள்ளிக் கொடுப்பார்கள். வீட்டில் மெழுகுவத்தியிலோ சூடான கரண்டியிலோ இதைச் செய்யாதீர்கள். ஒரு குழி தப்பான இடத்தில் விழுந்தால் முழு ஏ.எஃப்.ஓ.வும் வீண்.

தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, புண் ஆறும்வரை போட வேண்டாம். அன்றே செய்தவரைக் கூப்பிடுங்கள். பேச வராத பிள்ளை மாட்டும்போதெல்லாம் அழுதால் அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விரல்கள் உள்ளே மடங்கியிருக்கலாம். ஷூவின் நாக்கைத் திறந்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள்; வாய் விரியத் திறக்கும் ஷூவை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## அறிகுறி: புது ஷூ போட்டதிலிருந்து முழங்கால் மடங்குகிறது, அல்லது பின்னால் தள்ளுகிறது

பெற்றோர் யாரும் எதிர்பார்க்காத கோளாறு இது. ஷூ பொருந்துகிறது, வலியும் இல்லை, ஆனால் நடை கெட்டுவிட்டது. காரணம் குதிகாலின் உயரம்.

ஏ.எஃப்.ஓ. கணுக்காலை ஒரு கோணத்தில் பூட்டி வைக்கிறது. அதற்குக் கீழே குதிகால் உயர்ந்தால் முழுக்காலும் முன்னால் சாயும், முழங்கால் மடங்கும். தாழ்ந்தால் கெண்டைக்கால் பின்னால் சாய்ந்து முழங்கால் பின்னுக்குத் தள்ளும். இப்படி அளக்கலாம்: ஷூவின் பின்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே விளிம்பிலிருந்து உள்ளே அடிவரை உள்ள ஆழத்தைக் கழியுங்கள். கிடைப்பது குதிகால் தடிமன். விரலடி பக்கத்திலும் இதேபோல் எடுங்கள். குதிகாலில் 24, முன்னால் 12 வந்தால் வித்தியாசம் 12 மி.மீ. குதிகாலுக்கும் விரலடிக்கும் இடையே 110 மி.மீ. உள்ள ஷூவில் அது கிட்டத்தட்ட 6 டிகிரி சாய்வு. பழைய ஷூவில் வித்தியாசம் 5 மி.மீ. இருந்திருந்தால், அவள் முழங்கால் மடங்கி நடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்சோலை எடுத்தாலும் இந்த வித்தியாசம் மாறும், ஏனெனில் பல இன்சோல்கள் குதிகாலில் தடித்திருக்கும். எடுத்தபின்தான் அளக்க வேண்டும்.

நடை நன்றாக இருந்த பழைய ஷூவின் வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, புதியதிலும் அதே எண்ணைத் தேடுங்கள். பள்ளி ஷூவும் விளையாட்டு ஷூவும் ஒரே எண்ணில் இருக்கட்டும். சரியான எண் தெரியாவிட்டால் நீங்களே ரப்பர் அடுக்கிச் சோதிக்காதீர்கள். ஷூவோடு ஏ.எஃப்.ஓ. செய்தவரிடம் போய், பிள்ளையை நடக்கவிட்டு, எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் ஷீட் துண்டை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புது ஏ.எஃப்.ஓ. பொருத்திப் பார்க்கப் போகும் நாளிலும் ஷூவைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

## அறிகுறி: முன்நுனி தரையில் தட்டித் தடுக்கிறது

ஷூ நீளமா என்று முதலில் பாருங்கள். ஏ.எஃப்.ஓ.வின் நுனிக்கு முன்னால் ஒரு செ.மீ.க்கு மேல் காலியாக இருந்தால் சைஸ் பெரிது. நீளம் சரி என்றால் அடி ரப்பர் நுனியில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் ரப்பர் அதிகமாகப் பிடிக்கும் ஷூவை, செருப்பு தைப்பவர் முன்பக்கத்தை வளைவாகச் சற்றே தேய்த்துக் கொடுத்தால் போதும். திடீரென்று தடுக்கல் தொடங்கி, ஷூவில் எந்த மாற்றமும் இல்லை என்றால் பிசியோவிடம் காட்டுங்கள்.

## ஒரு காலுக்கு மட்டும் ஏ.எஃப்.ஓ.

ஒரே மாடலில் இரண்டு சைஸ் வாங்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன பிள்ளைக்கு என்றால் ஒரு காலுக்கு 28, மறுகாலுக்கு 27. கடைக்காரர் ஜோடியைப் பிரித்துத் தரமாட்டார், செலவு இரட்டிப்புதான். அகல வித்தியாசம் குறைவாக இருந்தால் இரண்டுமே 28 வாங்கி, ஏ.எஃப்.ஓ. ஷூவிலிருந்து எடுத்த இன்சோலை மறுகாலுக்கு ஏற்ப வெட்டி, அதன் இன்சோலுக்கு அடியில் போடுங்கள். ஷூவும் பொருந்தும், பிளாஸ்டிக் தடிமனால் வந்த உயர வித்தியாசமும் குறையும். இரண்டு கால்களின் நீளத்தில் ஏற்கெனவே வித்தியாசம் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி: பள்ளியில் சரி, வீட்டில் வழுக்கி விழுகிறாள்

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் ஏ.எஃப்.ஓ.வோடு டைல்ஸ் தரையில் நடக்கவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். பிளாஸ்டிக் டைல்ஸில் சோப்புபோல வழுக்கும். குதிகால் உயரம் இல்லாததால் முழங்காலும் பின்னுக்குப் போகும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போடாததால் பூஜையறைத் தரைக்கும் சங்கடமில்லை. பழைய ஷூ அகலம் போதுமானதாக இருந்தால் அடியைக் கழுவி அதையே பயன்படுத்தலாம். இரண்டாவது ஜோடிக்கு வழியில்லை என்றால், ஏ.எஃப்.ஓ.வின் அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டித் தரும்படி செய்தவரிடம் கேளுங்கள். ஒட்டியபின் தடிமன் கூடுவதால் வெளி ஷூவில் மறுபடி ஏறுமா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள்.

கறுப்பு ஷூதான் வேண்டும் என்று பள்ளியில் சொன்னால், வெல்க்ரோ வைத்த கறுப்பு விளையாட்டு ஷூவை அனுமதிக்கும்படி பிசியோவிடம் ஒரு வரி எழுதி வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தையோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகலாம். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. எங்கே போனாலும் ஏ.எஃப்.ஓ., இப்போதைய ஷூ, வெட்டிய அட்டை மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது அட்டை வெட்டிப் பழையதன்மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் விரல் அடித்தகட்டின் நுனியைத் தாண்டத் தொடங்கியிருந்தால், அடுத்து மாற்ற வேண்டியது ஷூ அல்ல, ஏ.எஃப்.ஓ.தான்.